குழாயில் உறையத் தாமதிக்கும் இரத்தம் உடலுக்குள் ஏன் கட்டியாகிறது?

"என் தங்கைக்கு 31 வயது. மானிப்பாயில் இருக்கிறாள். முதல் இரண்டு கருவும் 7, 8 வாரங்களில் கலைந்துவிட்டன. மூன்றாவது 19 வாரத்தில் வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனது. இப்போது இரத்தம் சோதித்துவிட்டு, அன்டிபொஸ்போலிபிட் நோயாக இருக்கலாம், இரத்தம் கட்டிபடுகிற நோய் என்கிறார்கள். ஆனால் றிப்போட்டில் இரத்தம் உறையக் கூடுதல் நேரம் எடுக்கிறது என்றுதான் இருக்கிறது. லூபஸ் என்றும் எழுதியிருக்கிறது. 12 வாரம் கழித்து மறுபடியும் இரத்தம் கொடுக்க வேண்டுமாம். இது என்ன நோய்? அடுத்த பிள்ளையாவது தங்குமா?"

றிப்போட்டும் சரி, வைத்தியர் சொன்னதும் சரி. நான் வைத்தியர் அல்ல. இரத்த உறைதல் சோதனைகள் செய்யும் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே ஆய்வுகூடப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். இந்த நோயைப் பற்றிய குழப்பத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புத் தொகுதி சிலருக்குத் தம் உடலின் பொருட்களுக்கு எதிராகவே பிறபொருளெதிரிகளை உண்டாக்கிவிடுகிறது. இந்த நோயில் இலக்காவது பொஸ்போலிபிட் என்னும் கொழுப்பும் அதனோடு ஒட்டிக்கொள்ளும் சில புரதங்களும். பீட்டா-2 கிளைக்கோபுரதம் அந்தப் புரதங்களில் முக்கியமானது. ஒவ்வொரு கலத்தின் மென்சவ்விலும் பொஸ்போலிபிட் உண்டு. காயம் பட்டால் இரத்தத்தை உறையவைக்கும் காரணிகள் ஒன்றுகூடி வேலை செய்வதும் அந்தக் கொழுப்புப் பரப்பின் மீதுதான்.

இனிச் சோதனைக் குழாய்க்கு வருவோம். இந்தப் பிறபொருளெதிரிகளைத் தேடும் லூபஸ் அன்டிகோயாகுலன்ட் சோதனைக்கு நாங்கள் பயன்படுத்துவது கண்ணாடி விரியனின் நஞ்சு. ஆம், நம் ஊர் வயல் வரம்பில் மிதிபட்டுக் கடிக்கும் அதே புடையன்தான். அந்த நஞ்சு உறைதல் சங்கிலியின் பத்தாவது காரணியை நேரடியாகத் தூண்டிவிடும். அதை மிக நீர்த்து, வேண்டுமென்றே மிகக் குறைந்த அளவு பொஸ்போலிபிட்டோடு சேர்த்து, இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் விடுவோம். சாதாரண இரத்தம் உரிய நேரத்தில் உறையும். பிறபொருளெதிரி உள்ள இரத்தத்தில், குழாயில் இருக்கும் அந்தக் கொஞ்சக் கொழுப்பையும் பிறபொருளெதிரிகள் பிடித்துக்கொள்வதால் உறைதல் காரணிகளுக்கு நிற்க இடமில்லை. எனவே நேரம் நீள்கிறது. றிப்போட்டில் உங்கள் தங்கைக்குக் கண்டது இதைத்தான்.

உடலுக்குள் நிலைமை வேறு. அங்கே கொழுப்புப் பரப்புக்குப் பஞ்சமே இல்லை. பிறபொருளெதிரிகளால் அதை மூடிவிட முடியாது. மாறாக, அவை இரத்தக் குழாயின் உட்சுவரிலும் குருதிச் சிறுதட்டுகளிலும் வெண்கலங்களிலும் போய் ஒட்டி அவற்றை உசுப்பிவிடுகின்றன. வழுவழுப்பாக இருக்க வேண்டிய உட்சுவர் ஒட்டும் தன்மை பெறுகிறது. அதனால் காலின் ஆழ்நாளத்திலோ நுரையீரலிலோ மூளைக்குப் போகும் நாடியிலோ இரத்தக் கட்டி உண்டாகலாம். முதுமையோ வேறு காரணமோ இல்லாத ஒருவருக்குப் பக்கவாதம் வந்தால் வைத்தியர்கள் இந்த நோயையும் நினைத்துப் பார்ப்பது இதனால்தான்.

கருவுக்கு வரும் கேடு வெறும் கட்டியால் மட்டும் வருவதில்லை. சூல்வித்தகம் கருப்பைச் சுவரில் வேர்விட்டுத் தாயின் நாடிகளை அகலமாக்கிக்கொள்ள வேண்டும். அந்த வேலையைச் செய்யும் கலங்களின் மேற்பரப்பில் பீட்டா-2 கிளைக்கோபுரதம் நிறைய உண்டு. பிறபொருளெதிரிகள் அங்கே ஒட்டி அழற்சியைக் கிளப்ப, வேர்விடுவது அரைகுறையாக நிற்கிறது. தொடக்கத்திலேயே அது நின்றுவிட்டால் கரு கலையும். ஓரளவு வளர்ந்த பிறகு இரத்த ஓட்டம் போதாமல் போனால் சிசு உள்ளேயே இறக்கும், அல்லது தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறிக் குறைமாதத்தில் பிள்ளையை எடுக்க வேண்டி வரும்.

ஆகவே உங்கள் தங்கையின் மூன்று இழப்புகளையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. 7, 8 வாரத்தில் கலைவது ஊரில் அதிகம் நடப்பது. அவற்றில் பெரும்பாலானவை கருவின் நிறமூர்த்தப் பிழையால் நடப்பவை. மூன்று முறை தொடர்ந்து வந்தால்தான் அவை இந்த நோயின் அடையாளமாகக் கணக்கில் வரும் என்று 2006இல் திருத்தி வெளியிடப்பட்ட சிட்னி அளவுகோல் சொல்கிறது. ஆனால் 10 வாரம் தாண்டிய, உருவத்தில் குறை இல்லாத சிசு காரணமின்றி இறந்தால் ஒரு முறையே போதும். என் கண்ணில் அவளுடைய கதையில் எடை கூடியது அந்த 19 வார இழப்புத்தான்.

அதைப் பற்றி இரண்டு விஷயங்களைத் தங்கையிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, சிசு இறந்த பிறகு வெளியே வந்ததா, வெளியே வந்த பிறகு இறந்ததா? ஸ்கானில் இதயத் துடிப்பு இல்லை என்று கண்டு, பிறகு மருந்து கொடுத்து வெளியேற்றினார்கள் என்றால் அது இந்த நோயோடு ஒத்துப்போகும். வலி பெரிதாக இல்லாமல் நீர்க்குடம் உடைந்து, துடிப்போடு பிள்ளை வந்துவிட்டது என்றால் கருப்பை வாசல் பலவீனமாக இருந்திருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு. இரண்டாவது, ஸ்கானில் சிசுவின் அளவு எத்தனை வாரம் என்று எழுதியிருந்தார்கள்? 19 வாரத்தில் தெரியவந்தது என்றாலும் அளவு 9 வாரமாக இருந்தால் கரு 9 வாரத்திலேயே நின்றுவிட்டது, அப்போது கணக்கே மாறும். எங்கள் பெண்கள் பெரும்பாலும் இரத்தம் பட்ட நாளைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். கிளினிக்கில் கேட்கும்போதும் அதையே சொல்வார்கள். பழைய ஸ்கான் தாள்களைத் தேடி எடுத்துக்கொண்டு போவது நல்லது. சூல்வித்தகத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்த அறிக்கை இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.

2023இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுவாத வைத்தியச் சங்கங்கள் புள்ளி கணக்கில் புதிய அளவுகோல் ஒன்றை வெளியிட்டன. அதன்படி பார்த்தால் இழப்புகள் மட்டும் உள்ள பல பெண்கள் வெளியே நின்றுவிடுவார்கள். அது ஆராய்ச்சிக்கு ஆட்களைத் தெரிவு செய்ய வகுத்தது. அதில் இடம் பிடிக்கவில்லை என்பதற்காக எந்த நல்ல வைத்தியரும் சிகிச்சையை மறுக்க மாட்டார். இணையத்தில் அதைப் படித்துவிட்டு நீங்கள் குழம்ப வேண்டாம்.

12 வார விஷயத்துக்கு வருகிறேன். காய்ச்சல் வந்து போனாலும் இந்தப் பிறபொருளெதிரிகள் சிறிது காலம் தலைகாட்டும். வடகீழ்ப் பருவமழைக்குப் பின் யாழ்ப்பாணத்தில் டெங்கு எப்படிப் பரவும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மார்கழியில் காய்ச்சலோடு கிடந்தவருக்குத் தை மாதத்தில் இந்தச் சோதனை செய்தால் வரும் விடையை நம்ப முடியாது. காய்ச்சலால் வந்தவை பெரும்பாலும் சில மாதங்களில் மறைந்துபோகும். நோயால் வந்தவை நிலைத்து நிற்கும். அதனால்தான் குறைந்தது 12 வார இடைவெளியில் இரு முறை தெளிவாக இருக்க வேண்டும் என்கிறார்கள். ஒரு முறை கண்டதை வைத்து ஒரு பெண்ணின் மீது ஆயுள் முழுவதற்கும் ஒரு நோய்ப் பெயரை ஒட்டிவிடக் கூடாது.

பார்ப்பது மூன்று சோதனைகள். ஒன்று மேலே சொன்ன லூபஸ் அன்டிகோயாகுலன்ட். மற்ற இரண்டும், கார்டியோலிபின் என்ற ஒரு பொஸ்போலிபிட்டுக்கு எதிரான அன்டிகார்டியோலிபின், பீட்டா-2 கிளைக்கோபுரதத்துக்கு எதிரானது என்ற இரண்டு பிறபொருளெதிரிகளின் அளவு. கார்டியோலிபின் அளவு 40 அலகுக்கு மேல் இருந்தால் எடை உண்டு. 15, 18 என்று ஓரத்தில் நிற்பவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மூன்றும் பொசிட்டிவ் என்றால் ஆபத்து அதிகம். லூபஸ் அன்டிகோயாகுலன்ட் மட்டும் தனியாக இருந்தாலும் கருவிழப்போடு அதற்குத்தான் தொடர்பு கூட. றிப்போட்டில் லூபஸ் என்று இருந்ததால் நோயெதிர்ப்புத் தொகுதி உடலின் பல உறுப்புகளையும் தாக்கும் லூபஸ் நோய் தங்கைக்கு உண்டு என்று முடிவு கட்ட வேண்டாம். முதன்முதலில் லூபஸ் நோயாளிகளிடம் கண்டதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த நோய் இல்லாதவர்களிடமும் இது இருக்கும். லூபஸ் உள்ளதா என்று தனியே ஒரு சோதனை செய்து பார்ப்பார்கள்.

மறுமுறை இரத்தம் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. இவற்றை யாரும் சொல்ல மாட்டார்கள். நீல மூடிக் குழாயில் கோடு வரை இரத்தம் நிரம்ப வேண்டும். குறைந்தால், இரத்தம் உறையாமலிருக்க அதில் விட்டுள்ள சிட்ரேட் அளவுக்கு அதிகமாகி, நேரம் பொய்யாக நீளும். பிளாஸ்மாவை இரண்டு முறை சுழற்றிப் பிரிக்க வேண்டும். ஒரு முறை மட்டும் சுழற்றினால் குருதிச் சிறுதட்டுகள் மிஞ்சும். பிளாஸ்மாவைக் கடுங்குளிரில் பனிக்கட்டியாக்கிக் கரைக்கும்போது அவை உடைந்து பொஸ்போலிபிட்டை வெளியே விடும். குழாயில் கொழுப்பு குறைவாக இருந்தால்தானே சோதனை வேலை செய்யும்? அது கூடிவிட்டால் நோய் உள்ளவருக்கும் இல்லை என்று றிப்போட் வந்துவிடும். யாழ்ப்பாணத்தில் எடுத்த இரத்தம் கொழும்புக்குப் போகிறது என்றால், எடுத்த நாலு மணி நேரத்துக்குள் இங்கேயே சுழற்றி, பிளாஸ்மாவைப் பனிக்கட்டியாக்கி அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். சுழற்றாத குழாயை இரவு பஸ்ஸில் ஏற்றி அனுப்புவது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம். அப்படி வந்த மாதிரியில் நான் ஒரு நாளும் நம்பிக்கையோடு கையெழுத்திட்டதில்லை.

இரத்தம் கட்டிபடாமல் தடுக்கும் ஹெபரின் ஊசியோ வார்ஃபரின் குளிசையோ எடுத்துக்கொண்டிருக்கும்போதும், கரு கலைந்த உடனேயும் லூபஸ் அன்டிகோயாகுலன்ட் பார்ப்பது வீண். மருந்து உறைதல் நேரத்தைத் தானே நீட்டும். கர்ப்பத்தில் கூடியிருக்கும் உறைதல் காரணிகள் அதைச் சுருக்கும். மற்ற இரண்டு சோதனைகளுக்கு இந்தத் தடை இல்லை.

எங்களிடம் வந்த ஒரு மாதிரியின் கதையைச் சொல்கிறேன். இந்த நோய் எங்கெல்லாம் கண்ணுக்குத் தப்பும் என்று புரியும். தீவுப் பகுதி ஆசிரியை ஒருவர். முதல் கர்ப்பத்தில் கிளினிக்கில் எல்லாத் தாய்மாருக்கும் செய்வது போல வி.டி.ஆர்.எல். சோதனை செய்தார்கள். அது மேகநோய்க்கான சோதனை. விடை பொசிட்டிவ். வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. உறுதிப்படுத்தும் அடுத்த சோதனையில் நோய் இல்லை என்று வந்ததும் எல்லோரும் பெருமூச்சு விட்டு அந்தத் தாளை மூடிவிட்டார்கள். வி.டி.ஆர்.எல். சோதனையில் போடப்படும் பொருளே கார்டியோலிபின் என்பதையும், அதற்கு எதிரான பிறபொருளெதிரி உடலில் இருந்தால் மேகநோய் இல்லாமலே அது பொசிட்டிவ் காட்டும் என்பதையும் அப்போது யாரும் நினைக்கவில்லை. 23 வாரத்தில் சிசு இறந்தது. அடுத்தது 6 வாரத்தில் கலைந்தது. நாகதோஷம் என்றார்கள்; நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைத்தார்கள். நேர்த்தியில் எனக்குக் குறை இல்லை, மனதுக்கு அது வேண்டியதுதான்.

பின்னர் பித்தப்பைக் கல்லுக்கு சத்திரசிகிச்சை செய்ய ஆயத்தம் செய்தபோது வழக்கமான உறைதல் சோதனையில் 58 விநாடி வந்தது. சாதாரண ஒருவருக்கு அன்று 32. இரத்தம் நிற்காது என்று பயந்து, தானம் செய்யப்பட்ட பிளாஸ்மா ஏற்றினார்கள். நேரம் குறையவில்லை. அப்போதுதான் மாதிரி எங்களிடம் வந்தது. அவருடைய பிளாஸ்மாவையும் சாதாரணப் பிளாஸ்மாவையும் சரிபாதி கலந்து பார்த்தோம்: 51 விநாடி. உறைதல் காரணி ஒன்று குறைவு என்றால் சாதாரணப் பிளாஸ்மா அந்தக் குறையை நிரப்பி, நேரம் 35க்குள் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் அவருடைய பிளாஸ்மாவில் ஏதோ ஒன்று தடுக்கிறது. அதே குழாயில் பொஸ்போலிபிட்டைத் தாராளமாகச் சேர்த்தோம்: 36. தடுப்பது எதைப் பிடித்துக்கொண்டு தடுக்கிறது என்பது அதில் வெளிச்சமாகிவிட்டது. விரியன் நஞ்சுச் சோதனையும் அதையே சொன்னது. கார்டியோலிபின் 70 அலகு. மூன்றாவதும் பொசிட்டிவ். குருதிச் சிறுதட்டுகள் ஒரு இலட்சத்துப் பத்தாயிரம்; அதுவும் இந்த நோயில் அடிக்கடி காண்பது. இரத்தம் நிற்காது என்று அஞ்சப்பட்ட பெண்ணுக்கு உண்மையில் இருந்தது இரத்தம் கட்டிபடும் ஆபத்து. படுக்கையில் கிடக்கும் நாட்களில் அவருக்கு ஹெபரின் தேவைப்பட்டது, பிளாஸ்மா அல்ல. 13 வாரம் கழித்து எடுத்த மாதிரியும் அப்படியே இருந்தது.

அடுத்த கர்ப்பத்தில் அவருக்கு நடந்ததுதான் அநேகமாக உங்கள் தங்கைக்கும் நடக்கும். கருத்தரிக்க முயலும்போதே தினம் 75 மில்லிகிராம் அஸ்பிரின் தொடங்கினார்கள். சிறுநீர்ச் சோதனை பொசிட்டிவ் ஆனதும் தினம் ஒரு வேளை, ஹெபரின் வகையைச் சேர்ந்த எனொக்ஸபரின் 40 மில்லிகிராம் ஊசி. இது கட்டி எதுவும் இதுவரை வராதவருக்கான அளவு. முன்பே கட்டி வந்தவருக்கு உடல் எடையைப் பார்த்து இதைவிடக் கூடுதலாகப் போடுவார்கள். ஹெபரின் வகை மருந்துகள் சூல்வித்தகத்தைக் கடந்து பிள்ளையிடம் போவதில்லை. வார்ஃபரின் கடக்கும், 6 முதல் 12 வாரத்துக்குள் அது பிள்ளையின் மூக்கு எலும்பையும் மற்ற எலும்புகளையும் பாதிக்கலாம். எனவே வார்ஃபரின் எடுப்பவர்கள் கரு தங்கியது தெரிந்த உடனே, 6 வாரத்துக்குள் ஊசிக்கு மாற வேண்டும்.

பலன் எவ்வளவு? 1997இல் இலண்டனில் தொடர் கருச்சிதைவும் இந்தப் பிறபொருளெதிரியும் உள்ள 90 பெண்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். அஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 வீதமானோருக்கு உயிருள்ள குழந்தை கிடைத்தது. ஹெபரினும் சேர்த்தவர்களில் அது 71 வீதம். பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு வித்தியாசம் காட்டவில்லை என்றாலும் சிகிச்சை இந்த வழியில்தான் நிலைத்திருக்கிறது. உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில் வேண்டுமானால், தங்குவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் ஊசி போட்டும் இழப்பவர்கள் சிலர் இருப்பார்கள். அப்படி நடந்தால் ஹைட்ரொக்ஸிகுளோரோகுயின் போன்ற மருந்துகளைச் சேர்ப்பது பற்றி வைத்தியர் யோசிப்பார்.

12 வாரம் முடியுமுன் கரு தங்கிவிட்டால்? காத்திருக்க வேண்டாம். அன்றே கிளினிக்குக்குப் போய், முதல் றிப்போட்டையும் 19 வார இழப்பையும் சொல்லுங்கள். இரண்டாவது சோதனை இல்லாவிட்டாலும், இப்படிப்பட்ட வரலாறு உள்ளவருக்குச் சிகிச்சையைத் தொடங்கிவிட்டு, உறுதிப்படுத்துவதைப் பிறகு பார்ப்பதுதான் வழக்கம்.

ஊசியைத் தங்கை தானே போடப் பழகலாம், அல்லது அவளுடைய கணவர் பழகலாம். தாதி ஒருமுறை காட்டித் தருவார். வயிற்றில் தொப்புளைச் சுற்றி இரண்டு விரல்கட்டைக்கு அப்பால் தோலைக் கிள்ளிப் பிடித்து, ஊசியைச் செங்குத்தாக முழுவதும் இறக்க வேண்டும். உள்ளே தெரியும் காற்றுக் குமிழியை வெளியேற்ற வேண்டாம். மருந்து முழுவதும் போகத்தான் அது வைக்கப்பட்டிருக்கிறது. எடுத்த பிறகு தேய்க்கக் கூடாது. தேய்த்தால் நீலம் பாரிக்கும். நீலமாவது எப்படியும் கொஞ்சம் நடக்கும், அதற்காக நிறுத்திவிடாதீர்கள். இடப்பக்கம் ஒரு நாள், வலப்பக்கம் ஒரு நாள் என்று மாற்றிப் போட்டால் தாங்கும். வயிறு பெரிதாகும் மாதங்களிலும் வயிற்றின் பக்கவாட்டில் போடலாம், பிள்ளைக்கு ஊசி படாது. எல்லாத் தாய்மாரும் கேட்கும் கேள்வி இது.

ஊசி போடுவதோடு வேலை முடிந்துவிடாது. ஆசிரியைக்குக் கரு தங்கியது, ஆனால் 35 வாரத்தில் இரத்த அழுத்தம் ஏறத் தொடங்கியது. 36 வாரத்தில் சிசேரியன் செய்து 2.1 கிலோ பெண் பிள்ளையை எடுத்தார்கள். அதனால்தான் இவர்களுக்கு ஸ்கான்களும் இரத்த அழுத்தப் பார்வைகளும் அடிக்கடி வைக்கிறார்கள். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, பிள்ளையின் அசைவு குறைதல் இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த கிளினிக் நாள் வரை பார்த்திருக்கக் கூடாது. ஒரு கால் மட்டும், பெரும்பாலும் இடது கால், வீங்கி வலித்தாலும், திடீரென்று மூச்சு வாங்கினாலும் அப்படித்தான். பிரசவ வலி தொடங்கியதும் அடுத்த ஊசியைப் போடாமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். முதுகில் மரப்பு ஊசி போடக் கடைசி எனொக்ஸபரினுக்குப் பிறகு 12 மணி நேரம் கழிய வேண்டும். அது தெரியாமல் காலையில் போட்டுவிட்டுப் போகும் தாய்மாருக்கு, சிசேரியன் தேவைப்பட்டால் முழு மயக்கம் கொடுக்க வேண்டியதாகிறது.

பிள்ளை பிறந்த பிறகு ஊசியை நிறுத்திவிடத் தோன்றும். பிரசவத்துக்குப் பிந்திய ஆறு வாரம்தான் கட்டி உண்டாகும் ஆபத்து மிக அதிகமான காலம். எனவே அந்த ஆறு வாரமும் ஊசி தொடரும். தாய்ப்பாலுக்கு அது தடையில்லை. பிறகு குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த குளிசைகளைத் தங்கை எடுக்கக் கூடாது. செப்பு லூப் அவளுக்குப் பொருத்தமானது. குடும்பநல உத்தியோகத்தரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைக்கட்டும், அவர் வீட்டுக்கு வரும்போது கையில் குளிசை அட்டையோடுதான் வருவார். கனடாவில் இருக்கும் உறவினர்களைப் பார்க்க என்றாவது பறப்பதானால், அந்த நீண்ட பயணத்துக்கு முன் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். எந்தச் சத்திரசிகிச்சைக்குப் போனாலும் இந்த றிப்போட்டின் பிரதியைக் கொண்டுபோய் முதலிலேயே மயக்க மருந்து வைத்தியரிடம் காட்ட வேண்டும். உறைதல் நேரம் நீளமாக இருப்பதைக் கண்டு அவளுக்கும் பிளாஸ்மா ஏற்றிவிடாமல் இருக்க அந்த ஒரு தாள் போதும்.